48 நிமிட விரிவுரையை எங்கே நிறுத்தி, என்ன கேட்பது?

வகுப்பறையில் ஒரு விதியைச் சொன்னவுடன் ஆசிரியர் சற்று நிறுத்துவார், முகங்களைப் பார்ப்பார், பின்வரிசையில் இருக்கும் ஒருவரிடம் எடுத்துக்காட்டு ஒன்று கேட்பார், தவறான விடை வந்தால் அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பதை உணர்ந்து, விதியை வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பார். அதே விரிவுரையை இரவு ஒன்பது மணிக்குத் தம் அறையிலோ பெருவிரைவு ரயிலிலோ தனியாகப் பார்க்கும் மாணவருக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. காணொளியின் நடுவே நாம் வைக்கும் நிறுத்தக் கேள்விகள் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முடியும். ஆனால் அவை சரியான இடத்தில் வர வேண்டும். மாணவரைச் சிந்திக்க வைக்க வேண்டும். தவறான விடைக்கு அங்கேயே மறுமொழி தர வேண்டும்.

இக்கட்டுரையில் ஒரே ஒரு விரிவுரையை எடுத்துக்கொண்டு, அதை நான் எப்படிப் பிரித்தேன் என்பதை முழுமையாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் தமிழ் படிக்கும் மாணவர்களுக்காக, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் பற்றி நடத்திய 48 நிமிட விரிவுரை அது. அவர் தெளிவாகப் பேசுகிறார். எனினும் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் அதை ஒரே மூச்சில் பார்த்து முடித்தபின்பும் ‘வந்தப் பையன்’ என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவருடைய ஒப்புதலைப் பெற்றே வேலையைத் தொடங்கினேன். பிறருடைய பதிவை எடுத்துக்கொள்ளும் எவரும் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

நேர அட்டை

கேள்வி எழுதுவதற்கு முன் விரிவுரையை ஒருமுறை முழுதாகப் பார்த்து, கருத்து மாறும் இடங்களைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று செய்திகள் போதும்: நேரம், அங்கே முடிந்த கருத்து, முடியும்போது பேச்சாளர் சொன்ன கடைசி நான்கைந்து சொற்கள். கடைசிச் சொற்களை எழுதுவது வீண்வேலை போலத் தோன்றலாம். அதன் பயன் பின்னால் தெரியும். வேகத்தைச் சற்றுக் கூட்டிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பேச்சாளர் மூச்சு விடும் இடத்தைச் சரியாகக் குறிக்க, அந்த இடங்களை மட்டும் இயல்பான வேகத்தில் மீண்டும் கேட்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த அட்டை இது. 3:40 வரை வணக்கமும் முன்னுரையும். அதிலிருந்து 11:20 வரை ‘அந்த, இந்த, எந்த’ என்னும் சொற்களுக்குப் பின் வல்லினம் மிகுவது. 19:05 வரை ‘ஐ’, ‘கு’ என்னும் வேற்றுமை உருபுகளுக்குப் பின் மிகுவது. அடுத்த மூன்று நிமிடங்கள், தாம் மாணவராக இருந்தபோது நடந்த ஒன்றை அவர் நினைவுகூர்கிறார். 22:00 முதல் 31:30 வரை எழுவாய்க்குப் பின்னும் பெயரெச்சத்துக்குப் பின்னும் மிகாமை. 40:00 வரை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்குப் பின் மிகுவது. கடைசி எட்டு நிமிடங்கள் பயிற்சி வாக்கியங்கள்.

நிறுத்தும் இடம்

முதன்முதலில் இதைச் செய்தபோது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று கடிகாரத்தைப் பார்த்து வைத்தேன். பத்தாவது நிமிடத்தில் பேச்சாளர் ‘இந்தப் பாடம்’ என்னும் எடுத்துக்காட்டை விளக்கிக்கொண்டிருக்கும்போதே காணொளி நின்றது. பாதி விளக்கத்தைக் கேட்ட மாணவரிடம் முழு விதி கேட்கப்பட்டது. பதினைந்தாவது நிமிடத்திலும் அதே கதை. நேரம் ஒரு மேல்வரம்பாக இருக்கலாம். பாடம் தொடங்கியபின் பத்து நிமிடத்துக்கு மேல் எதுவும் கேட்காமல் விடுவது நல்லதன்று. ஆனால் நிறுத்தும் இடத்தைக் கருத்தின் முடிவுதான் தீர்மானிக்க வேண்டும்.

அதனால் முதல் நிறுத்தத்தை 11:24க்கு வைத்தேன். கருத்து 11:20இல் முடிகிறது. அடுத்த நான்கு வினாடிகளில் அவர் தாளைப் புரட்டுகிறார். வாக்கியம் முடிந்து ஓரிரு வினாடி அமைதி இருந்தால் அதன் நடுவில் நிறுத்துவதே மாணவரின் காதுக்கு இதமானது. 19:05இல் இரண்டாவது நிறுத்தம். அவர் தம் நினைவுகளைச் சொல்லும் மூன்று நிமிடங்களுக்குக் கேள்வியே இல்லை. அங்கே மாணவர் இளைப்பாறட்டும்.

கடைசி எட்டு நிமிடங்களில் கடிகாரமும் உதவாது, கருத்தின் முடிவும் உதவாது. அங்கே பேச்சாளர் ஒரு வாக்கியத்தைப் படிக்கிறார். உடனே விடையையும் சொல்லிவிடுகிறார். நேரில் அமர்ந்திருந்தவர்களுக்கு அந்த நொடி போதுமாக இருந்திருக்கலாம். தனியாகப் பார்ப்பவர் சிந்திப்பதற்கு முன்பே விடை காதில் விழுந்துவிடும். எனவே வாக்கியம் முடிந்து, விடையின் முதல் எழுத்து ஒலிக்கும் முன் காணொளி நிற்க வேண்டும். அவர் படித்த எட்டு வாக்கியங்களில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து இப்படி நிறுத்தினேன். இங்கே கேள்வியை நாம் எழுத வேண்டியதே இல்லை. ‘உங்கள் விடையைத் தாளில் எழுதிவிட்டுத் தொடருங்கள்’ என்ற ஒரு வரி போதும். விடையைப் பேச்சாளரே சொல்வார்.

எல்லாம் சேர்ந்து ஏழு நிறுத்தங்கள். 48 நிமிடத்துக்கு இதற்கு மேல் வைத்தால் மாணவர் கேள்விகளைத் தாண்டிச் செல்வதற்குத்தான் வழி தேடுவார்.

கேள்வியை எழுதுதல்

தொடக்கத்தில் எவரும் எழுதும் கேள்வி, இப்போது கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது: ‘அந்த, இந்த, எந்த ஆகிய சொற்களுக்குப் பின் வல்லினம் மிகுமா?’ இதற்கு ‘மிகும்’ என்று சொல்ல விதி புரிந்திருக்க வேண்டியதில்லை. பத்து வினாடிக்கு முன் கேட்ட ஒலி காதில் இருந்தாலே போதும். விதியைப் பயன்படுத்த வைக்கும் கேள்விதான் வேண்டும். அதிலும் விதி பொருந்தாத ஓர் இடத்தையும் கலந்து வைக்க வேண்டும். 11:24இல் நான் வைத்தது இது: ‘அந்த கடை, இந்த மரம், எந்த பேருந்து — இவற்றில் தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒற்றெழுத்தைச் சேர்த்து எழுதுக.’ அந்தக் கடை, எந்தப் பேருந்து என்று எழுதியவர், ‘இந்த மரம்’ என்பதைத் தொடாமல் விட்டாரா என்பதில்தான் அவருடைய புரிதல் தெரிகிறது. வரும் சொல் க, ச, த, ப ஆகிய எழுத்துகளில் தொடங்கினால்தான் ஒற்று மிகும் என்பதை அவர் பிடித்துக்கொண்டாரா என்பதைக் காட்டுவது அந்த மரம்தான்.

இரண்டாவது கேள்வியில் நான் ஒரு தவறு செய்தேன். அத்தகைய தவறு எளிதில் கண்ணில் படாது என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். ‘அம்மா தேக்கா சந்தைக்கு போய் காய்கறியை பார்த்து வாங்கினார்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்து, ஒற்றுகளைச் சேர்க்கச் சொன்னேன். சந்தைக்குப் போய், காய்கறியைப் பார்த்து என்ற இரண்டையும்தான் மனத்தில் வைத்திருந்தேன். ஆனால் ‘போய்’ என்பதற்குப் பின்னும் ஒற்று மிகும்: ‘போய்க் காய்கறியை’. அந்த விதியை விரிவுரையின் எந்தப் பகுதியும் சொல்லவில்லை. அதை எழுதாத மாணவருக்கு ‘தவறு’ என்று காட்டினால், அவர் எதைத் தவறவிட்டார் என்று தேடிப் பின்னோக்கிச் சென்று, எங்கும் காணாமல் சோர்வார். கேட்பதற்கு அருகில் ஆளில்லாதவருக்கு இது பெரிய இடறல். கேள்வியை, ‘அம்மா தேக்கா சந்தைக்கு சென்றார். அங்கே மீனை பார்த்தார். எனக்கு வாங்கினார்’ என்று மாற்றினேன். முதல் இரண்டு இடங்களில் மிகும். மூன்றாவதில் அடுத்த சொல் ‘வ’ என்று தொடங்குவதால் மிகாது. ஒவ்வொரு கேள்வியை எழுதியதும், அதற்கான விடையைக் காணொளியின் எந்த நிமிடத்திலிருந்து மாணவர் பெற முடியும் என்று கேட்டுப் பாருங்கள். நிமிடத்தைச் சுட்ட முடியாவிட்டால் கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது நிறுத்தம் வேறு வகை. 22:00இல், பெயரெச்சம் பற்றிய விளக்கம் தொடங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி: ‘அந்தப் பையன் என்று எழுதுகிறோம். வந்த பையன் என்பதை எப்படி எழுதுவீர்கள்? ஊகித்து எழுதுங்கள், இதற்கு மதிப்பெண் இல்லை.’ பெரும்பாலோர் ‘வந்தப் பையன்’ என்று எழுதுவார்கள். அதில் குற்றமில்லை, ‘அந்த’வும் ‘வந்த’வும் ஒரே ஒலியில் முடிகின்றன. தம் ஊகத்தைத் தாளில் எழுதி வைத்தவர் அடுத்த ஒன்பது நிமிடங்களையும் அது சரியா என்று அறிவதற்காகக் கேட்பார். இங்கே ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று உடனே காட்டிவிடக் கூடாது. விடை விரிவுரையில் 24:50இல் வருகிறது. அதுவரை காத்திருப்பதில்தான் பயன் இருக்கிறது.

நான்காவது நிறுத்தம் 31:30இல். அதே இணை, ஆனால் இப்போது காரணத்தோடு. இதைத் தெரிவு வினாவாக அமைத்தேன். ‘நேற்று வந்த பையன்’ என்பதை எப்படி எழுத வேண்டும்?

(அ) வந்தப் பையன். ஏனெனில் ‘வந்த’, ‘அந்த’ இரண்டும் ஒரே விதமாக முடிகின்றன.
(ஆ) வந்த பையன். ஏனெனில் ‘வந்த’ என்பது பெயரெச்சம்.
(இ) வந்த பையன். ஏனெனில் ‘பையன்’ உயர்திணைச் சொல்.

தவறான தெரிவு ஒவ்வொன்றும் ஒரு மாணவர் உண்மையில் நினைக்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். (அ) ஒலியை மட்டும் பார்ப்பவருடையது. (இ) சரியான வடிவத்தைத் தவறான காரணத்தோடு எழுதுபவருடையது. காரணத்தைக் கேட்காமல் விட்டிருந்தால் அவர் தேறியவர்போலக் கடந்து போயிருப்பார். எவரும் தேர்ந்தெடுக்காத நான்காவது தெரிவு ஒன்றை எண்ணிக்கைக்காகச் சேர்க்க வேண்டியதில்லை, மூன்று போதும்.

ஐந்தாவது, 40:00இல்: ‘தீராத பசி, தீரா பசி — எதில் ஒற்று மிகும்?’ தீராத பசி அப்படியே நிற்கும். ‘த’ என்னும் ஈறு கெட்டு நிற்கும் ‘தீரா’வுக்குப் பின் மட்டும் ‘தீராப் பசி’ என்று மிகும். விரிவுரையில் பேச்சாளர் காட்டியது ‘அழியாப் புகழ்’. அதையே திரும்பக் கேட்டால் நினைவாற்றலைத்தான் சோதிப்போம். எடுத்துக்காட்டை மாற்றினால் விதியைச் சோதிப்போம்.

விடைக்குப் பின் வருவது

கார்ல் ஸ்புனார், டேனியல் ஷாக்டர் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரைக் காணொளி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் பின் சிலர் கேள்விகளுக்குத் தாமே விடை எழுதினர். வேறு சிலருக்கு அதே கேள்விகள் விடைகளோடு படிக்கத் தரப்பட்டன. விடையைத் தாமே நினைவிலிருந்து எடுத்தவர்களின் கவனம் குறைவாகவே சிதறியது; இறுதித் தேர்விலும் அவர்கள் மேலாகச் செய்தனர். விடையோடு படித்தவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. நம் வேலைக்கு இதன் பொருள் நேரடியானது. மாணவர் எதையாவது எழுதும் வரையோ தேர்ந்தெடுக்கும் வரையோ விடை கண்ணில் படக் கூடாது.

ஆனால் எழுதிய பின் விடை கட்டாயம் வர வேண்டும். குறிப்பாகத் தெரிவு வினாவில், தவறான தெரிவை மறுக்காமல் விட்டால் அதுவே மனத்தில் தங்கிவிடக்கூடும். ‘தவறு, மீண்டும் முயலவும்’ என்பது மறுமொழியன்று. (அ)வைத் தேர்ந்தவருக்கு நான் எழுதியது: ‘ஒலி ஒன்றுதான். ஆனால் ‘அந்த’ பையனைச் சுட்டிக் காட்டுகிறது; ‘வந்த’ அவன் செய்த செயலைச் சொல்கிறது. 24:50 முதல் 26:00 வரை மீண்டும் பாருங்கள்.’ (இ)யைத் தேர்ந்தவருக்கு: ‘வடிவம் சரி, காரணம் சரியன்று. ‘அந்தப் பையன்’ என்பதிலும் பையன் உயர்திணைதானே? அங்கே ஏன் மிகுந்தது?’ திரும்பிப் பார்க்கச் சொல்லும் பகுதி ஒன்றிரண்டு நிமிடமே இருக்க வேண்டும். ‘22:00லிருந்து பாருங்கள்’ என்றால் யாரும் பார்ப்பதில்லை.

கருவி

மிக எளிய கருவி ஒரு தாள்தான். நிறுத்த வேண்டிய நேரங்களையும் கேள்விகளையும் முன்பக்கத்திலும், விடைகளைப் பின்பக்கத்திலும் அச்சிட்டுக் கொடுக்கலாம். காணொளி தானாக நிற்காது என்பதே இதன் குறை.

தானாக நிற்க வேண்டுமெனில், யூடியூப் காணொளியை ஒரு வலைப்பக்கத்தில் பதிக்கும்போது தொடக்கத்தையும் முடிவையும் வினாடிக் கணக்கில் கொடுக்கலாம். 3:40 என்பது 220 வினாடி. 11:24 என்பது 684 வினாடி.

```
https://www.youtube.com/embed/VIDEO_ID?start=220&end=684
```

இப்படி ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பதித்து, இடையிடையே கேள்வியை எழுதினால், ஒரே பக்கத்தில் முழு விரிவுரையும் அமைந்துவிடும். மறுமொழியும் தானாக வர வேண்டுமென்றால் `H5P` என்னும் மென்பொருளின் `Interactive Video` வகை ஏற்றது. அதில் காணொளியின் குறிப்பிட்ட நேரத்தில் கேள்வியை வைத்து, அங்கே நிற்கவும் செய்யலாம். கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவில் விடையை உடுக்குறிகளுக்கு நடுவே எழுத வேண்டும். ஏற்கத்தக்க மாற்று விடையைச் சாய்கோட்டால் பிரிக்கலாம்.

```
தேக்கா சந்தைக்கு*ப்/ப* போனேன்.
```

இரண்டாவது விடையாகப் புள்ளியில்லாத ‘ப’வையும் நான் ஏற்பதற்குக் காரணம், கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை பழகாத பிள்ளைகளுக்குப் புள்ளி வைப்பது கடினம் என்பதே. இங்கே சோதிப்பது தட்டச்சுத் திறனை அன்று. அதே காரணத்தால் முழு வாக்கியத்தைத் தட்டச்சுச் செய்யும்படி கேட்பதையும் தவிர்த்தேன்; ஓர் இடைவெளி கூடினாலும் கணினி அதைத் தவறென்றே கருதும். நீண்ட விடைகள் தாளிலேயே இருக்கட்டும்.

அருகில் அமர்ந்து பார்த்தல்

வெளியிடுவதற்கு முன் ஒரு மாணவராவது முழுக்காணொளியையும் பார்க்கும்போது, பேசாமல் அருகில் அமர்ந்திருங்கள். ஈசூனில் எங்கள் அடுக்குமாடியிலேயே வசிக்கும் உயர்நிலை மாணவி ஒருவர் எனக்கு இந்த உதவியைச் செய்தார். அவர் இரண்டாவது கேள்வியைக் கண்டதும், விடை எழுதாமல் காணொளியைப் பின்னோக்கி இழுத்தார், எங்கெங்கோ தேடினார். ‘போய்’ பற்றிய என் தவறு அப்போதுதான் தெரிந்தது. விடை எழுதும் முன் பின்னோக்கி இழுப்பது, கேள்வி விரிவுரையில் இல்லாததைக் கேட்கிறது என்பதற்கோ, நிறுத்தம் கருத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப்போய்விட்டது என்பதற்கோ அறிகுறி. கேள்வியைப் படித்து முடித்ததும் யோசிக்காமலேயே சரியான விடையை எழுதினால், அது கடைசியாகக் கேட்ட வாக்கியத்தின் எதிரொலியாக இருக்கக்கூடும். எடுத்துக்காட்டை மாற்றிப் பாருங்கள். பலரும் ஒரே தவறான தெரிவைத் தேர்ந்தால் மாணவர்களைக் குறை சொல்ல வேண்டாம். அந்த இடத்தில் விரிவுரையே போதுமான விளக்கம் தரவில்லை என்று கொண்டு, மறுமொழியில் இன்னோர் எடுத்துக்காட்டைச் சேர்க்க வேண்டும்.

சரியான விடைகள் மட்டுமே வந்தாலும் விதி நிலைத்துவிட்டது என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. பெயரெச்சம் பற்றிக் கேட்ட உடனே பெயரெச்சக் கேள்வி வந்தால், எந்த விதியைப் பயன்படுத்த வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கட்டுரை எழுதும்போது அந்த உதவி இருக்காது. அதனால் ஒரு வாரம் கழித்து, காணொளி இல்லாமல், ‘அந்த’, ‘வந்த’, ‘சந்தைக்கு’, ‘தீரா’ எல்லாம் கலந்த ஐந்து வரிப் பத்தி ஒன்றை அனுப்பி, ஒற்றுகளைச் சேர்க்கச் சொல்கிறேன்.

இனி அந்தக் கடைசிச் சொற்கள். பேச்சாளர் பின்னர் முன்னுரையைச் சுருக்கிப் பதிவை மீண்டும் ஏற்றினார். எல்லா நேரங்களும் ஒன்றரை நிமிடம் முன்னால் நகர்ந்தன. கேள்விகள் யாவும் தவறான இடத்தில் வந்து நின்றன. மறுமொழிகளில் எழுதியிருந்த நேரங்களும் பொய்த்தன. நேர அட்டையில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே அவர் சொன்ன கடைசி நான்கைந்து சொற்கள் இருந்ததால், அவற்றைக் கேட்டுக் கேட்டு ஏழு இடங்களையும் ஒரே மாலையில் மீண்டும் பொருத்த முடிந்தது. மறுமொழிகளில் இருக்கும் நேரங்களையும் அதே அட்டையில் குறித்து வையுங்கள்; நிறுத்தங்களைத் திருத்திவிட்டு அவற்றை மறந்துவிடுவது எளிது.